மாங்கூழ் ஸ்டார்ட்அப்: 96 கோடி எப்படி 8 கோடி ஆகுது? 50% கணக்கைப் பிரிச்சுப் பார்க்கணும்

காவேரிப்பட்டணம் கவி
மாங்கூழை டிரம்மில் விற்காமல் ஒரு கிலோ பையில் அடைத்து ஜூஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நேரடியாக விற்கிற ஒரு கம்பெனிக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். இப்போது ஆண்டு விற்பனை 3 கோடி. 2 கோடி முதலீடு கேட்டிருக்கிறோம். பெங்களூருவில் இருந்து ஒரு முதலீட்டாளர் பேசுகிறார்.

எங்கள் திட்டப்படி 5ஆம் ஆண்டு விற்பனை 60 கோடி, வரி போக லாபம் 8 சதவீதம், அதாவது 4.8 கோடி. லாபத்துக்கு 20 மடங்கு விலை, அதாவது பி/இ 20 என்று வைத்தால் கம்பெனி 96 கோடி. இந்த எண்களை அவரும் மறுக்கவில்லை. ஆனால் "என் டார்கெட் ரிட்டர்ன் ஆண்டுக்கு 50 சதவீதம், என் பணமும் சேர்ந்த இன்றைய மதிப்பு, அதாவது போஸ்ட்-மணி, 8 கோடிதான், கால் பங்கு கொடுங்கள்" என்கிறார்.

நான் போட்டால் 1.5ஐ ஐந்து முறை பெருக்கி 7.59 வருகிறது. 96ஐ அதால் வகுத்தால் 12.64 கோடி. 2 கோடிக்கு 15.8 சதவீதம்தான் வரணும். கால் பங்கு எங்கிருந்து வந்தது? அவர் ஏமாற்றுகிறாரா, நான் எதையாவது விட்டுவிட்டேனா?

அரூர் மாணிக்கம்
ஏம்மா, 50 பர்சன்ட்ங்கிறதே மீட்டர் வட்டி. அதுக்கு மேல 96 கோடியை எட்டுன்னு சொல்றாருன்னா என்னத்தப் பேசுறது. பேங்க்ல 11, 12க்கு கடன் கிடைக்குது. அந்த ரேட்டை வெச்சு டிஸ்கவுண்ட் பண்ணச் சொல்லுங்க, 54 கோடி வரும். அங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கணும்.

தென்பெண்ணை
மாணிக்கம் அண்ணா, வங்கி 12க்குக் கொடுக்குதுன்னா நிலப் பத்திரமும், கிடங்குல இருக்கிற சரக்கும் அடமானமா இருக்கு. இவர் கையில ஒண்ணும் இல்லை. கம்பெனி மூடினா 2 கோடியும் போச்சு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியாது.

கவி, நீங்க போட்ட வகுத்தல் சரி. விட்டுப்போனது ஒண்ணுதான். 15.8 சதவீதம்ங்கிறது ஐந்தாவது வருஷக் கடைசியில, கம்பெனியை விக்கிற அன்னைக்கு, அவர் கையில இருக்க வேண்டிய பங்கு. இன்னைக்கு அவர் வாங்குற பங்கு இல்லை. இடையில நீங்க மறுபடி பணம் திரட்டினா உங்க பங்கு கரையிற மாதிரி அவர் பங்கும் கரையும். கடைசியில 15.8 மிஞ்சணும்னா இப்பவே அதிகமா வாங்கி வைக்கணும். அவர் அதைத்தான் செஞ்சிருக்கார்னு தோணுது.

3 கோடியில இருந்து 60 கோடிக்குப் போக அடுத்து எவ்வளவு பணம் தேவைன்னு உங்க திட்டத்துல இருக்கா? மாங்கூழ்ல அது சின்னத் தொகையா இருக்காது.

காவேரிப்பட்டணம் கவி
இருக்கு. 2ஆம் ஆண்டு முடிவில் 6 கோடி, 4ஆம் ஆண்டு முடிவில் 10 கோடி. காரணம் சரக்குதான். 5ஆம் ஆண்டில் பழத்துக்கு மட்டும் 24 கோடி. பெங்களூரா ரக மாம்பழ வரத்து ஜூன், ஜூலையில் குவியும், ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். மூன்று மாதத்தில் மொத்தப் பழத்தையும் வாங்கிக் கூழாக்கிவிட்டு வருஷம் முழுக்க உட்கார்ந்து விற்கணும். வங்கி சீசன் கடன் கொடுத்தாலும் மார்ஜின் பணம் நம்முடையது.

ஊழியர்களுக்குப் பங்கு ஒதுக்கி வைக்கும் ஈசாப் 8 சதவீதம் என்றும் பேச்சு இருக்கிறது.

தென்பெண்ணை
அப்போ கணக்கு முடிஞ்சது. பின்னாடி இருந்து முன்னாடி வரணும்.

4ஆம் ஆண்டு முடிவுல 10 கோடி போடுறவர் ஒரே வருஷம்தான் காத்திருக்கார், கம்பெனியும் நிலைச்சிருக்கும். அவர் 50 கேக்க மாட்டார், 30னு வைங்க. அவருக்கு 13 கோடி வரணும். 96ல 13 கோடின்னா 13.5 சதவீதம்.

2ஆம் ஆண்டு முடிவுல 6 கோடி போடுறவர் மூணு வருஷம் காத்திருக்கார், 40 சதவீதம்னு வைங்க. 1.4ஐ மூணு தடவை பெருக்கினா 2.744. அவருக்கு 16.5 கோடி வரணும், 96ல அது 17.2 சதவீதம். ஆனா அவருக்குப் பிறகு 13.5 சதவீதம் கரையும்ங்கிறதால அன்னைக்கு அவர் 20 சதவீதம் வாங்குவார்.

ஆக, உங்க முதல் முதலீட்டாளர் இன்னைக்கு வாங்குற நூறு பைசா பங்குல கடைசியில மிஞ்சுறது எவ்வளவு? முதல்ல 80, அதுல 86.5 சதவீதம், அதுல ஈசாப் போக 92 சதவீதம். பெருக்கினா 0.637. 15.8ஐ 0.637ஆல வகுத்தா 24.8 சதவீதம். அவர் சொன்ன கால் பங்கு இதுதான்.

```
today_share = invest * (1+r)^n / exit / retention
post_money  = exit * retention / (1+r)^n
```

exit 96, retention 0.637, r 0.5, n 5. போஸ்ட்-மணி 8.05 கோடி. அவர் போடுற 2 கோடியைக் கழிச்சா, பணம் வர்றதுக்கு முந்தின மதிப்பு, ப்ரீ-மணி, 6.05. இப்போ ஒரு லட்சம் பங்கு இருந்தா அவருக்குப் புதுசா சுமார் 33,000 பங்கு, பங்கு ஒண்ணு 605 ரூபாய்.

நிறைய பேர் ஒரு லட்சத்துல 24.8 சதவீதம்னு 24,800 பங்கு ஒதுக்கிடுறாங்க. அது 24.8 ஆகாது, புதுப் பங்கும் சேர்ந்து மொத்தம் 1,24,800 ஆயிடறதால 19.9தான் வரும். ஷீட்டுல கடைசியா பங்கு எண்ணிக்கையைத் திருப்பி வகுத்துப் பாருங்க.

காவேரிப்பட்டணம் கவி
இப்போது புரிகிறது. ஏமாற்றவில்லை என்பது ஒரு நிம்மதி. ஆனாலும் 50 என்பதை எங்கிருந்து எடுக்கிறார்கள்? அவரிடம் கேட்டால் "மார்க்கெட்" என்கிறார்.

அரூர் மாணிக்கம்
மார்க்கெட்டாம். ராயக்கோட்டை தக்காளி மண்டியா இது, போர்டுல எழுதிப் போட.

சரி, நானும் ஒரு வழி சொல்றேன். ஸ்டார்ட்அப்ல பாதிக்கு மேல தேறாது. அதனால 96 கோடியையே நம்பக் கூடாது. ஜெயிக்க 30 சதவீதம் வாய்ப்புன்னா 96ல 30 சதவீதம், 28.8 கோடி. அதை 50ல டிஸ்கவுண்ட் பண்ணினாத்தான் நியாயமான விலை. எதிர்பார்ப்பு மதிப்புன்னா அதானே?

தென்பெண்ணை
அண்ணா, முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி கவியோட கம்பெனியைக் காலி பண்ணிடும். 28.8ஐ 7.59ஆல வகுத்தா 3.8 கோடி. 2 கோடிக்கே பாதிக்கு மேல பங்கு போயிடும்.

50 எங்கிருந்து வருதுங்கிறதுக்குப் பதிலே இதுல இருக்கு. ஜெயிச்சா 7.59 மடங்கு, தோத்தா பூஜ்யம், ஜெயிக்க 30 சதவீத வாய்ப்புன்னு வைங்க. சராசரியா அவருக்கு வர்றது 2.28 மடங்கு. ஐந்து வருஷத்துல 2.28 மடங்குன்னா ஆண்டுக்கு 18 சதவீதம் சுமார். கையில இருந்து விக்க முடியாத, அடமானம் இல்லாத பங்குக்கு 18ங்கிறது கொள்ளை இல்லை. 50க்கும் 18க்கும் நடுவுல இருக்கிறது லாபம் இல்லை, தோல்விக்கான ஒதுக்கீடு. வருஷா வருஷம் மிஞ்சின கம்பெனிகள்ல நூத்துக்கு 21, 22 விழுந்துட்டே இருந்தா அஞ்சு வருஷத்துல மிஞ்சுறது 30. அதே கணக்குதான்.

அதனால வழி ரெண்டு. ஜெயிச்சா வர்ற 96ஐ எடுத்து 50ல தள்ளலாம், 12.64 வரும். இல்லை, தோல்வியையும் சேர்த்த 28.8ஐ எடுத்து 18ல தள்ளலாம். 1.18ஐ அஞ்சு தடவை பெருக்கினா 2.288, வகுத்தா 12.59. ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது பாருங்க. எண்ணையும் குறைச்சு ரேட்டையும் ஏத்தினா ஒரே ஆபத்துக்கு ரெண்டு தடவை தண்டம் கட்டுறீங்க.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். "இந்த 60 கோடி விற்பனை, எல்லாம் கூடிவந்தா நடக்கிறதா, இல்லை சராசரியா எதிர்பார்க்கிறதா?" முதலீட்டாளர் உங்க 60ஐ 35ஆ வெட்டிட்டு அதுக்கு மேலயும் 50 கேட்டா, அப்போ வாயைத் திறந்து பேசணும். 60ஐ அப்படியே ஏத்துக்கிட்டு 50 கேட்டா அது முறைப்படிதான். உங்க 60ம் கூடிவந்தாத்தான் நடக்கும்னு நீங்களே ஒத்துக்குவீங்க. 3ல இருந்து 60ன்னா வருஷா வருஷம் 82 சதவீத வளர்ச்சி.

ஓசூர் செல்வி
வென்ச்சர் கேப்பிடல் முறை என்கிற இந்த முறையை 1987ல் ஹார்வர்டில் வில்லியம் சால்மன் ஒரு பாடக் குறிப்பாக எழுதி வைத்தார். அதிலிருந்தே இந்தக் குழப்பம் தொடர்கிறது. ஆரம்ப நிலைக்கு 50 முதல் 70, விற்பனை பிடித்த பிறகு 40 முதல் 60 என்று பாடங்களில் வரும் எண்களில் தோல்வி வாய்ப்பு, பங்கை விற்க முடியாத நிலை, திட்டத்தில் ஏற்றிப் போடும் மிகை, முதலீட்டாளர் செலவழிக்கும் நேரம் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. தென்பெண்ணை சொன்ன 18 சரியா 22 சரியா என்று யாரும் நிரூபிக்க முடியாது. பேச்சுவார்த்தைக்கு ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான்.

கவி, நான் கவலைப்படுவது வேறு இடத்தில். ஈசாப் 8 சதவீதம். டேர்ம் ஷீட்டில் "முதலீட்டுக்கு முன்பே 8 சதவீத ஈசாப் பூல் உருவாக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

காவேரிப்பட்டணம் கவி
அக்கா, இருக்கிறது. "பணம் வந்த பிறகான மொத்தப் பங்கில் 8 சதவீதம், முதலீட்டுக்கு முன் நிறுவனர்கள் பங்கிலிருந்து" என்று.

ஓசூர் செல்வி
அப்படியானால் ஈசாப்பை இரண்டு முறை எடுத்திருக்கிறார். பூல் இன்றே நிறுவனர் பங்கிலிருந்து வெட்டப்படுகிறது என்றால் முதலீட்டாளர் பங்கு அதனால் கரையாது. அப்போது அவர் 0.92ஆல் பெருக்கக் கூடாது. மிஞ்சும் விகிதம் 0.8 பெருக்கல் 0.865, அதாவது 0.692. 15.8ஐ அதால் வகுத்தால் 22.9 சதவீதம். முதலீட்டாளர் 22.9, பூல் 8, நிறுவனர்கள் 69.1.

பூலைப் பிறகு எல்லோர் பங்கிலிருந்தும் எடுப்பதாக வைத்தால் அவருக்கு 24.8, நிறுவனர்களுக்கு 75.2. பூல் வரும்போது 75.2 குறைந்து 69.2 ஆகும். உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவருக்கு 24.8ம் கொடுத்து, பூலையும் இன்றே நீங்கள் தனியாகக் கொடுத்தால் கையில் 67.2தான் மிஞ்சும். 2 சதவீதம் ஓசையில்லாமல் போய்விடுகிறது.

இதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லவில்லை. ஷீட்டை ஒருவர் போடுவார், டேர்ம் ஷீட்டை வக்கீல் எழுதுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆள் கம்பெனிப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

பர்கூர் கிரானைட்
நல்ல இழை. என் கேள்வியும் இதேதான். எங்க கிரானைட் பாலிஷ் யூனிட்ல வருஷம் 1.2 கோடி லாபம், பத்து வருஷமா ஏறக்குறைய அப்படியேதான். அண்ணன் பிரிஞ்சு போறார், அவர் பங்குக்கு விலை போடணும். 50 சதவீதம் வெச்சு டிஸ்கவுண்ட் பண்ணினா மொத்த யூனிட்டே 2.4 கோடிதான் வருது. இதை அவர்கிட்ட காட்டலாமா?

தென்பெண்ணை
காட்டினா அண்ணன் பேச்சுவார்த்தையே நிறுத்திடுவார். :)

உங்க யூனிட் பத்து வருஷமா ஓடுது. 50க்குள்ள இருக்கிற பெரும்பகுதி "கம்பெனியே இல்லாமப் போயிடும்"ங்கிற பயம். அந்தப் பயம் உங்ககிட்ட இல்லை. உங்க மாதிரி நிலையான லாபத்துக்கு 18, 20 சதவீதம்னு வெச்சாக்கூட 6 கோடி வரும். அதோட இந்த முறை வருஷா வருஷம் வர்ற லாபத்தைப் பார்க்கிறதே இல்லை, கடைசி நாள் விற்பனை விலையை மட்டும்தான் பார்க்கும். நீங்க விக்கப் போறதில்லை, கையில லாபம் எடுக்கிறீங்க. குவாரி குத்தகை எத்தனை வருஷம் பாக்கி, மெஷின் வயசு என்னங்கிறதுதான் அங்க பேச்சு. தனி இழையா போடுங்க, இங்க கலக்க வேண்டாம்.

பர்கூர் கிரானைட்
சரிங்க. 20 வெச்சா அண்ணனுக்குக் கூடப் போயிடுமேன்னுதான்.

ஓசூர் செல்வி
கவியின் கேள்விக்குத் திரும்பலாம். நீங்கள் எல்லோரும் 96 கோடியை வானத்திலிருந்து விழுந்த எண்ணாக எடுத்துக்கொண்டீர்கள். மொத்தக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது.

வாங்குபவர்கள் இந்தத் தொழிலில் பி/இ பார்த்து விலை பேசுவது குறைவு. வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் லாபமான எபிட்டாவில் மடங்கு போடுவார்கள். 60 கோடிக்கு எபிட்டா 14 சதவீதம் என்றால் 8.4 கோடி. 12 மடங்கு வைத்தால் 100.8 கோடி. பார்த்ததும் 96ஐ விட நல்லது போலத் தெரியும். ஆனால் இது கடனையும் சேர்த்த மொத்தக் கம்பெனியின் விலை. பங்குதாரர் கைக்கு வருவது கடன் போக மிச்சம்தான். பி/இ வழியில் வட்டியும் வரியும் போன லாபத்தைப் பெருக்குவதால் அங்கே மறுபடி கடனைக் கழிக்கக் கூடாது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் விலையே தலைகீழாகிவிடும்.

கவி, 5ஆம் ஆண்டில் கடன் எவ்வளவு காட்டியிருக்கிறீர்கள்?

காவேரிப்பட்டணம் கவி
மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் 4 கோடி.

ஓசூர் செல்வி
ஆகஸ்ட் கடைசியில்?

காவேரிப்பட்டணம் கவி
22 கோடி. சீசன் கடன் உச்சத்தில் இருக்கும்.

ஓசூர் செல்வி
அதைத்தான் கேட்டேன். மார்ச்சில் கிடங்கு காலியாகிக்கொண்டிருக்கும், கூழ் விற்ற பணத்தில் கடனை அடைத்திருப்பீர்கள். அன்று பார்த்தால் கம்பெனி சுத்தமாகத் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனியை வாங்குபவர் இரண்டு மாதத்தில் மறுபடி 20 கோடி போட்டுப் பழம் வாங்கியாக வேண்டும். அதனால் அவர் வருஷத்தின் சராசரி நடைமுறை மூலதனத்தை ஒரு அளவுகோலாக வைப்பார். விற்கிற நாளில் சரக்கு அதற்குக் குறைவாக இருந்தால் விலையில் கழிப்பார், கூடுதலாக இருந்தால் சேர்த்துத் தருவார். மார்ச்சில் விற்றாலும் ஆகஸ்டில் விற்றாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும்.

பன்னிரண்டு மாதச் சராசரிக் கடன் 12 கோடி என்று வைத்தால் பங்குதாரர்களுக்கு 88.8 கோடி. 4 கோடி மட்டும் கழித்து 96.8 என்று காட்டினால் கணக்குத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். 88.8ஐ 7.59ஆல் வகுத்தால் 11.7. மிஞ்சும் விகிதம் 0.637ஆல் பெருக்கினால் 7.45 கோடி. அடுத்து வருபவர்களும் இதே 88.8ல் பங்கு கேட்பார்கள், அப்போது 0.637ம் இன்னும் கொஞ்சம் இறங்கும். பூல் விஷயத்தில் நீங்கள் மிச்சப்படுத்தியது இங்கே போய்விடும். அவர் இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நீங்களாகக் கிளப்புவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

தென்பெண்ணை
செல்வி சொல்றது முழுக்கச் சரி. எனக்கு இடிக்கிறது 12 மடங்குங்கிற எண்தான். பையில அடைச்சு சொந்தப் பேர்ல ஜூஸ் கடைக்குப் போற சரக்குக்கு ஒரு மடங்கு, டிரம்ல பானக் கம்பெனிக்குப் போற கூழுக்கு வேற மடங்கு. டிரம் கூழ்ல விலையை நாம வைக்கிறதில்லை, அந்த வருஷ விளைச்சல் வைக்குது. 5ஆம் ஆண்டு 60 கோடியில டிரம் எவ்வளவுன்னு பிரிச்சிருக்கீங்களா? மூணுல ஒரு பங்கு டிரம்னா அதுக்கு 12 யாரும் கொடுக்க மாட்டாங்க. 6க்கே யோசிப்பாங்க.

ஓசூர் செல்வி
டிரம் சரக்குக்கு எபிட்டா விகிதமே குறைவாக இருக்கும். அதனால் மடங்கையும் குறைப்பது அங்கேயும் இரட்டைத் தண்டனை ஆகலாம். பிரித்துப் போட வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறேன், 6 என்பதில் இல்லை.

தென்பெண்ணை
விகிதம் குறைவுங்கிறது இன்னைய லாபத்தைக் காட்டுது, மடங்கு நாளைக்கு அது நிலைக்குமாங்கிறதைக் காட்டுது. ரெண்டும் வேற. ஆனா 6க்கு என்கிட்ட ஆதாரம் கேட்டா இல்லை, ஒத்துக்கிறேன்.

மத்தூர் தம்பி
அண்ணா அக்கா எல்லாருக்கும் ஒரு சந்தேகம். தோத்தா பூஜ்யம்னு போட்டீங்க. ஆனா அவங்க வாங்குறது பின்னாடி சாதாரணப் பங்கா மாறுற முன்னுரிமைப் பங்கு, சிசிபிஎஸ். டேர்ம் ஷீட்ல ஒரு மடங்கு லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் இருக்குமே. கம்பெனி கம்மி விலைக்குப் போனாலும் முதல்ல அவருக்குத்தானே வரும்? அப்போ 50 கேக்கிறது அதிகம்தானே?

தென்பெண்ணை
நல்ல கேள்வி தம்பி. தோத்த கேஸ்கள்ல சராசரியா போட்டதுல பாதி திரும்பி வருதுன்னு வெச்சுப் பார். 0.3 பெருக்கல் 7.59, கூட 0.7 பெருக்கல் 0.5, மொத்தம் 2.63 மடங்கு. ஆண்டுக்கு 18ங்கிறது 21 ஆகும். அந்த அளவுக்குப் பேரம் பேச இடம் இருக்கு.

ஆனா வரிசையைப் பார். கம்பெனி விழுந்தா முதல்ல சீசன் கடன் கொடுத்த வங்கி, கிடங்குல இருக்கிற கூழ் அவங்க அடமானம். அப்புறம் கடைசியா 10 கோடி போட்டவர், அப்புறம் 6 கோடி போட்டவர். பின்னாடி வர்றவங்க பொதுவா தங்களுக்கு முன்னுரிமை எழுதிக்குவாங்க. நம்ம 2 கோடிக்காரர் கடைசியில நிக்கிறார். விழுகிறது ஆகஸ்டுல நடந்தா 22 கோடிக் கடனுக்கு அப்புறம் என்ன மிஞ்சும்?

மத்தூர் தம்பி
எல்லாருக்கும் சரிசமமான முன்னுரிமைன்னு எழுதினா?

தென்பெண்ணை
எழுதலாம். அடுத்த சுத்துல வர்றவர் அதை மாத்தச் சொல்லுவார். அப்போ பணம் தேவைப்படுற அவசரத்துல யார் மறுப்பாங்க?

அரூர் மாணிக்கம்
நான் ஒண்ணு கேக்கிறேன். இந்த 8 கோடியை வெச்சு பங்கு ஒதுக்கிட்டா வருமான வரிக்காரன் கேள்வி கேக்க மாட்டானா? ஏஞ்சல் வரின்னு ஒண்ணு இருந்துச்சே.

ஓசூர் செல்வி
2024 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார்கள் அண்ணா, 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லை. ஆனால் கம்பெனிச் சட்டப்படி புதுப் பங்கு ஒதுக்க, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை தனியாக வேண்டும். அதில் பெரும்பாலும் வருஷ வாரியான பண வரவை வைத்துக் கணக்கிடுவார்கள். இங்கே பேசும் எண் இரு தரப்பும் விலைக்கு வந்து சேரும் வழி. அறிக்கை அதற்குக் கீழே வந்து நிற்க வேண்டும், அதாவது ஒதுக்கும் விலை அறிக்கை விலைக்குக் குறையக் கூடாது. கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள் கவி.

காவேரிப்பட்டணம் கவி
குறித்துக்கொண்டேன் அக்கா. டிரம் விற்பனையை இன்று இரவு பிரித்துப் பார்த்தேன், 60ல் 14 கோடி. பூல் விஷயத்தை அவரிடம் சொன்னேன். ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டு 22.9க்கு ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று, முக்கியமில்லை என்று நினைத்து முதலில் எழுதவில்லை. 2 கோடியும் ஒரே நேரத்தில் வராது. 1 கோடி இப்போது. மீதி 1 கோடி, விற்பனை 6 கோடியைத் தொட்டால், ஒரு வருஷம் கழித்து. விலை இரண்டுக்கும் ஒன்றே.

தென்பெண்ணை
கவி! இதுதான் முதல்ல எழுதியிருக்க வேண்டியது.

ரெண்டாவது கோடி நாலு வருஷம்தான் காத்திருக்கு. அதுக்கு 7.59 மடங்கு கணக்கு இல்லை, 1.5 நாலு தடவை, 5.06. மொத்தத்துல அவருக்கு வரணும்ங்கிறது 15.2 கோடி இல்லை, 7.59 கூட 5.06, 12.66 கோடி. 96ல அது 13.2 சதவீதம். பூல் இன்னைக்கே எடுக்கிறதால 0.692ஆல வகுத்தா 19.1 சதவீதம். நீங்க 22.9க்குக் கையெழுத்துப் போடப் பார்க்கிறீங்க.

அதுவும் 6 கோடி விற்பனை தொட்ட பிறகு வர்ற பணம். முதல் வருஷத்துல விழுகிற ஆபத்து அதுக்கு இல்லவே இல்லை. அதுக்கு 50ங்கிறதே அதிகம், 40 போட்டா இன்னும் குறையும்.

ஓசூர் செல்வி
முதலீட்டாளர் பக்கமிருந்து சொல்கிறேன். அந்த 1 கோடியை அவர் வேறு எங்கும் போடாமல் உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறார். இலக்கைத் தொட்டால் பழைய விலையிலேயே தந்தாக வேண்டும், தொடாவிட்டால் தராமல் விடலாம். அந்த உரிமைக்குத்தான் ஒரே விலை என்பார். 19.1க்கு வர மாட்டார். இரண்டாவது தவணைக்குத் தனி விலை கேளுங்கள், அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தென்பெண்ணை
தராமல் விடுற உரிமை அவர்கிட்ட இருக்குன்னா அதுக்கு அவர்தானே விலை கொடுக்கணும், கவி ஏன் கொடுக்கணும்?

காவேரிப்பட்டணம் கவி
வெள்ளிக்கிழமை பேச்சு. அதுவரை கையெழுத்து இல்லை. 6 கோடி என்பது எந்த மாதக் கணக்கு என்று டேர்ம் ஷீட்டில் எழுதவே இல்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். மார்ச் முடிவு என்றால் தொட்டுவிடலாம். ஜூலை முடிவு என்றால், புதுக் கூழ் இன்னும் விற்பனைக்கே வந்திருக்காது.